ஊத்துறதுதான் காய்ச்சுறது: டிரிப்பர் வாங்கி மூலையில் வைத்தவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்தான். ஆனால் விஷயம் கோப்பி என்பதால் யாரும் பயப்படத் தேவையில்லை.

எங்கள் பக்கத்தில் கூம்பு டிரிப்பர் வாங்கியவர்கள் இப்போது நிறையப் பேர். வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் கொண்டுவந்தது, ஒன்லைனில் எடுத்தது, கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது என்று அக்குறணையிலும் மடவளையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் அலுமாரிக்கு அலுமாரி ஒன்று இருக்கிறது. பாவிக்கிறவர்கள்தான் இல்லை. கேட்டால் ஒரே பதில்: "செஞ்சு பார்த்தேன் சேர், பச்சத்தண்ணி மாதிரி இருந்தது."

இதில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒரு கட்சி சொல்கிறது, இது வெள்ளைக்காரனின் பந்தா, எங்கட உம்மும்மா சீலைத்துண்டில வடிச்சதும் இதுவும் ஒண்டுதான், சல்லிக்குப் பிடிச்ச கேடு என்று. அடுத்த கட்சி சொல்கிறது, எத்தியோப்பியாக் கொட்டையும் கொக்குக் கழுத்து மாதிரி மூக்குள்ள கேத்தலும் இல்லாமல் இந்தக் கூம்பைத் தொடவே கூடாது என்று. இரண்டு கட்சிக்காரர்களுமே கூம்புக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை. அதுதான் என் கோபம்.

வெள்ளைக்காரன் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். கோப்பியைப் பானமாகக் குடிக்கப் பழக்கியவர்கள் யெமனின் ஸூபிகள், இரவு வணக்கத்தில் கண் விழித்திருப்பதற்காக. கடதாசியில் வடிக்கும் வேலையை 1908இல் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற ஒரு குடும்பப் பெண் தொடங்கினார். பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளை போட்டு, மகனின் பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து ஒற்றுத்தாளைக் கிழித்து உள்ளே வைத்தார். (ஆசிரியர் என்ற முறையில் அந்தக் கொப்பியின் கதி எனக்குக் கவலைதான்.) நாம் இன்று வாங்குகிற, உட்பக்கம் சுருள் வரியும் அடியில் ஒரே ஒரு பெரிய துளையும் உள்ள வி60 ஜப்பானின் ஹரியோ என்ற கண்ணாடிக் கம்பனியுடையது. கூம்பின் கோணம் 60 பாகை, பெயர் அதிலிருந்து வந்தது. ஆக அரபு, ஜேர்மன், ஜப்பான் என்று எல்லாரும் கை வைத்த பொருள் இது. யாருடைய பந்தாவும் இல்லை.

இனி "வடிக்கிறது" என்ற சொல்லுக்கு வருகிறேன். எல்லாப் பிழையும் அங்கேதான் தொடங்குகிறது.

உம்மும்மா செய்தது என்ன? கோப்பித் தூளைச் சுடுதண்ணீரில் போட்டு, கலக்கி, மூடி வைத்தார். தூளும் தண்ணீரும் ஐந்து நிமிடம் ஒன்றாகவே கிடந்தன. சாறு அங்கேயே இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு வடித்தது வெறும் சக்கையைப் பிரிக்கத்தான். வேகமாக வடித்தாலும் மெதுவாக வடித்தாலும் ருசி பெரிதாக மாறாது. கூம்பு டிரிப்பரில் அந்த ஊறும் பாத்திரம் இல்லை. அடித்துளை திறந்தே இருக்கிறது. தண்ணீர் தூளுக்குள் போகிற அந்தச் சில விநாடிகளில்தான் சாறு இறங்க வேண்டும். எங்கே ஊற்றுகிறீர்கள், எவ்வளவு வேகத்தில் ஊற்றுகிறீர்கள், எப்போது நிறுத்துகிறீர்கள் என்பதுதான் இங்கே அடுப்பு, நேரம், மூடி எல்லாமே. இதில் ஊத்துறதுதான் காய்ச்சுறது. அதை விளங்காமல் கேத்தலைக் கவிழ்த்துவிட்டு "இது சரியில்லை" என்று தீர்ப்புச் சொல்வது, உலைக்கு நெருப்பு வைக்காமல் அரிசியைக் குறை சொல்வது போல.

கடதாசியிலிருந்து தொடங்குவோம். மடித்துக் கூம்பில் வைத்ததும் முதலில் வெறும் சுடுதண்ணீரை அதன் மேல் முழுக்க ஊற்றிக் கழுவ வேண்டும். "ஏன் சேர், புதுக் கடதாசிதானே, சுத்தமாத்தானே இருக்கு?" என்பார்கள். அழுக்குக்காக அல்ல. நம்பாதவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். கோப்பி போடாமல் கடதாசியை மட்டும் வைத்து, ஒரு கோப்பை சுடுதண்ணீர் ஊற்றி, கீழே விழுந்ததைக் குடித்துப் பாருங்கள். கபில நிறக் கடதாசி என்றால் நனைந்த கார்ட்போர்ட் பெட்டியின் வாடை நாக்கிலேயே இருக்கும். நல்ல வெள்ளைக் கடதாசியில் அது மிகக் குறைவு, சிலருக்குத் தெரியவே தெரியாது. அதனால் வெள்ளைக் கடதாசிக்காரர்கள் கழுவாமல் விடலாமா? கூடாது. கழுவுவதால் இன்னும் இரண்டு வேலை நடக்கிறது. நனைந்த கடதாசி கூம்பின் சுவரோடு சரியாக உட்காருகிறது, இடையில் மடிப்பும் பையும் விழாது. அதைவிட முக்கியம், டிரிப்பரும் கீழே உள்ள ஜக்கும் சூடாகின்றன. பீங்கான் டிரிப்பரைக் குளிராக வைத்து ஊற்றினால், நீங்கள் கவனமாகக் கொதிக்க வைத்த சூட்டில் ஒரு பங்கைப் பீங்கானே குடித்துவிடும். ஜனவரிக் காலையில் கண்டியில் சமையலறைப் பீங்கானைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கழுவிய தண்ணீரைக் கொட்ட மறக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், உண்மையாகவே மறக்கிறார்கள். நகரத்தில் ஒரு கடையில், கடையின் பெயர் வேண்டாம், ஒரு பொடியன் என் கண் முன்னாலேயே கடதாசியைக் கழுவினார், அந்தத் தண்ணீர் ஜக்கிலேயே கிடக்க, அதன் மேலேயே கோப்பியை வடித்தார். ஒரு கொத்துரொட்டிச் சல்லி எடுத்துக்கொண்டு எனக்குத் தந்தது கடதாசித் தண்ணீர் கலந்த கோப்பி. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கழுவு என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுத்து, ஏன் கழுவுகிறோம் என்று சொல்லாமல் விட்ட முதலாளி மேல்தான் கோபம்.

அடுத்தது புளூமிங். கோப்பி பொங்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். வறுக்கும்போது கோப்பிக் கொட்டைக்குள் காபனீரொட்சைட்டு உண்டாகிறது. ஒரு பகுதி அப்போதே வெளியேறும், மீதி கொட்டைக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். அரைத்ததும் கொஞ்சம் போகும். சுடுதண்ணீர் பட்டதும் மிச்சமெல்லாம் குபுகுபுவென்று வரும். வாயு வெளியே தள்ளிக்கொண்டு வருகிற இடத்துக்குள் தண்ணீர் நுழைய முடியாது. அந்த நேரத்தில் முழுத் தண்ணீரையும் ஊற்றினால், அது வாயு இல்லாத வழிகளைத் தேடி ஓடிவிடும். ஒரு பக்கத் தூள் மூன்று தடவை கழுவப்படும், மறு பக்கத்துக்குள் உலர்ந்த கட்டி அப்படியே இருக்கும். முடிந்த பிறகு சக்கையைக் கரண்டியால் கிண்டிப் பார்த்தால் உள்ளே காய்ந்த மாவு போல ஒரு உருண்டை கிடக்கும். அதுதான் சாட்சி.

ஆகவே முதலில் தூளின் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் மட்டும். 15 கிராம் தூளுக்கு 30 முதல் 45 கிராம். எல்லாத் தூளும் நனைகிற மாதிரி ஊற்றி, கூம்பைக் கையில் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, 30 முதல் 45 விநாடி வரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். தூள் பன் மாவு போல மேலே எழும், குமிழி விடும், பிறகு அடங்கும். அடங்கிய பிறகுதான் அடுத்த தண்ணீர்.

எழவே இல்லை என்றால்? தண்ணீர் பட்டதும் சேறு மாதிரி அப்படியே கிடந்தால்? உங்கள் கையில் குறையில்லை. அந்தத் தூள் அரைத்து வாரக்கணக்காகிவிட்டது, வாயுவும் போயிற்று, வாசனையும் அதோடு போயிற்று. சந்தையில் திறந்த டின்னில் வைத்து அள்ளிக் கொடுக்கிற தூளைப் போட்டுப் பாருங்கள், விளங்கும். அந்த வகையில் புளூமிங் என்பது கடைக்காரருக்கு வைக்கிற சோதனையும்கூட. ஆனால் ஒன்று, உயரமாக எழுந்துவிட்டது என்பதற்காக நல்ல கோப்பி என்று முடிவு கட்டாதீர்கள். கறுக்க வறுத்த எந்தக் கொட்டையும் நன்றாகப் பொங்கும். நேற்று வறுத்தது இன்னும் பொங்கும், அளவுக்கு மீறி. அதை ஒரு வாரம் மூடி வைத்துவிட்டுப் பாவிப்பது நல்லது. பொங்குவது புதியதா என்று மட்டும்தான் சொல்லும், நல்லதா என்று சொல்லாது.

இனி வேகம். இதற்கு ஒரு உண்மைக் கேஸ் எடுத்துக்கொள்கிறேன். மடவளை நண்பர் ஒருவர் தன் முறையை எனக்குச் சொன்னார். இரண்டு தேக்கரண்டி தூள், ஒரு மக் தண்ணீர், கொதித்த கேத்தலிலிருந்து நேராக நடுவில் ஒரே ஊற்று. ஐம்பது விநாடியில் எல்லாம் வடிந்துவிட்டது. கோப்பி வெளிறிப் போய், புளிப்பாக, பின்னால் ஒன்றுமே இல்லாமல் இருந்தது. "கோப்பி சரியில்லை சேர்" என்று பக்கெட்டை எனக்கே கொடுத்துவிட்டார்.

அவர் கூம்பின் சக்கையைப் பார்த்தேன். நடுவில் கிணறு மாதிரி பள்ளம், சுவர் முழுக்க மேல்வரை தூள் ஒட்டியிருந்தது. கதை முழுக்க அங்கேயே எழுதியிருக்கிறது. உயரத்திலிருந்து விழுந்த தண்ணீர் நடுவில் பள்ளம் தோண்டியிருக்கிறது. ஒரேயடியாக ஊற்றியதால் தண்ணீர் மட்டம் கூம்பின் விளிம்புக்கு ஏறியிருக்கிறது. மேலே ஏறிய தண்ணீர் தூளைத் தொடாமலே கடதாசியின் பக்கவாட்டால் ஊறி, சுருள் வரி வழியாகக் கீழே இறங்கிவிட்டது. அவர் குடித்தது பாதி கோப்பி, பாதி சும்மா வந்த சுடுதண்ணீர்.

அதே பக்கெட்டை, அதே டிரிப்பரில், இப்படிச் செய்தேன். 15 கிராம் தூள், மொத்தம் 240 கிராம் தண்ணீர். தராசு கட்டாயம். கேக் செய்கிற வீடுகளில் சின்ன டிஜிட்டல் தராசு இருக்கும், அது போதும். தேக்கரண்டிக் கணக்கு வேண்டாம், ஒவ்வொரு வறுவலும் ஒவ்வொரு பாரம். முதலில் 45 கிராம் ஊற்றி, நாற்பதாவது விநாடி வரை காத்திருந்தேன். பிறகு தூளுக்கு அருகில் கேத்தல் மூக்கைக் கொண்டுபோய், நடுவிலிருந்து ஒரு ரூபாய்க் குற்றி அளவிலிருந்து சின்னப் பிளேன்டீக் கோப்பை வாய் அளவு வரை வட்டமாக, தராசு 140 காட்டும்வரை. இதற்கு இருபது விநாடி எடுத்தது. அதாவது விநாடிக்கு ஐந்து கிராம் அளவு. கடதாசியில் நேரே ஊற்றவில்லை. நிறுத்தினேன். மட்டம் பாதிக்கு மேல் இறங்கிய பிறகு, ஒரு நிமிடம் இருபது விநாடியில் மறுபடி தொடங்கி, இன்னொரு இருபது விநாடியில் 240. கடைசியாகக் கூம்பை ஒரு சுற்று. மூன்று நிமிடம் ஆகும்போது சொட்டு நின்றுவிட்டது. ஜக்கில் இருந்தது ஏறக்குறைய 210 கிராம். தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கைத் தனக்கு வைத்துக்கொள்ளும், அந்த முப்பதைத் திருட்டுப் போனதாக நினைக்க வேண்டாம். சக்கை இந்த முறை தட்டையாக, சமனாக இருந்தது. நண்பர் குடித்துவிட்டு, "இது வேற பக்கெட்டா?" என்றார்.

பக்கெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

இந்தக் கணக்கு வேதவாக்கு இல்லை. மூன்று நிமிடத்தை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். இதே ஊற்றில் இரண்டு நிமிடத்துக்குள் ஓடிவிட்டு, புளிப்பாகவும் மெலிந்தும் இருந்தால் அரைப்பு பருமன், கொஞ்சம் நுணுக்க வேண்டும். நாலு நிமிடம் தாண்டியும் மேலே குளம் கட்டி நின்று, குடித்தால் நாக்கு பாக்குக் கடித்த மாதிரி வரண்டால் அரைப்பு அதிகம் நுணுக்கம், பருமனாக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். அரைப்பையும் தண்ணீரையும் வேகத்தையும் சேர்த்து மாற்றினால் எது திருத்தியது என்று வாழ்நாளில் தெரியாது. எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் பாடம்தான் இது.

கொக்குக் கழுத்துக் கேத்தல் இல்லையே என்பவர்களுக்கு: அது இருந்தால் வேலை சுகம், அவ்வளவுதான். சாதாரணக் கேத்தலிலிருந்து சின்னத் தேநீர்ப் பாத்திரம் ஒன்றுக்கு மாற்றி ஊற்றுங்கள். அதுவும் இல்லையென்றால், ஒரு கரண்டியின் முதுகைத் தூளுக்குச் சற்று மேலே பிடித்து அதன் மேல் ஊற்றுங்கள். தண்ணீர் உடைந்து பரவி விழும், பள்ளம் தோண்டாது.

சூடு பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு வீடியோவில் 93 பாகை, 96 பாகை என்று சொல்வதைக் கேட்டுவிட்டு, கொதித்த கேத்தலை எவ்வளவு நேரம் ஆற விடுவது என்று என்னிடம் கேட்கிறார்கள். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர். இங்கே தண்ணீர் கொதிப்பதே 98 பாகை அளவில்தான். நுவரெலியாவில் இருப்பவருக்கு 94க்குக் கிட்டவே கொதித்துவிடும், அவர் ஆற விட்டால் நட்டம். இளம் வறுவல் என்றால் இங்கே கொதித்ததும் ஊற்றுங்கள். கறுக்க வறுத்தது என்றால் தேத்தண்ணி ஆத்துகிற மாதிரி ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒரு தடவை மாற்றுங்கள், சில பாகை இறங்கிவிடும், கசப்பும் அதோடு இறங்கும்.

இப்போது எனக்கு உண்மையாகவே வயிறு எரிகிற இடம். "எங்கட கோப்பிக்கு இது சரிவராது, இறக்குமதிக் கொட்டைதான் வேணும்" என்கிற பேச்சு.

இதைக் கண்டியில் இருந்துகொண்டு சொல்கிறோம்! 1820களில் வர்த்தகத்துக்காகக் கோப்பித் தோட்டம் போட்டது எங்கே? கம்பளையில் ஜோர்ஜ் பேர்ட், கன்னொறுவையில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ். தேயிலைக்கு முந்தைய மலையகம் என்றால் கோப்பிதான். 1869இல் இலைத்துரு நோய் தெரியவந்தது. பேராதனைப் பூங்காவிலிருந்து அனுப்பிய மாதிரியை வைத்துத்தான் இங்கிலாந்தில் அந்தப் பூஞ்சைக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரே வைத்தார்கள். இருபது வருடத்துக்குள் தோட்டங்கள் தேயிலைக்கு மாறிவிட்டன. ஆனால் கோப்பி செத்துப்போகவில்லை. மிளகும் கராம்பும் பலாவும் நிற்கிற நம் வீட்டுத் தோட்டங்களில், வேலியோரத்தில், நோயைத் தாங்குகிற ரொபஸ்டாவாக இன்னும் நிற்கிறது. தெல்தோட்டைப் பக்கம், கலகெதரப் பக்கம் போனால் முற்றத்தில் பாயில் காய்கிறதைப் பார்க்கலாம்.

அந்தக் கொட்டைக்கு நாம் செய்கிற அநியாயம் என்ன? பழுத்ததும் காயும் சேர்த்துப் பறிக்கிறோம். கரி ஆகும்வரை வறுக்கிறோம். கொத்தமல்லியோடு சேர்த்து முகத்துக்குப் பூசுகிற பவுடர் மாதிரி அரைக்கிறோம். கொத்தமல்லிக் கோப்பியை நான் குறை சொல்லவில்லை, தடிமன் வந்தால் எனக்கும் அதுதான் வேண்டும், சுக்கோடு. ஆனால் அந்த மாவைக் கூம்பில் போட்டால் கடதாசியின் துவாரமெல்லாம் அடைபட்டு ஆறு நிமிடம் சொட்டிக்கொண்டு நிற்கும். பிறகு பழி ரொபஸ்டாவுக்கு.

ரொபஸ்டாவுக்கு அரபிக்காவின் பழப்புளிப்பும் பூவாசனையும் வராது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கசப்பு கூட, கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் பழுத்ததை மட்டும் பறித்து, கபில நிறத்தில் வறுவலை நிறுத்தி, கரடான சீனி அளவுக்கு அரைத்து, ஒரு தடவை ஆற்றிய தண்ணீரில், முன்னே சொன்ன அதே 15க்கு 240 கணக்கில் ஊற்றுங்கள். ஊற்றைக் கொஞ்சம் மெதுவாக, கலக்காமல். வறுத்த நிலக்கடலையும் கித்துள் கருப்பட்டியும் ஞாபகம் வருகிற ஒரு கோப்பி வரும். சீனி பாதியாகப் போதும் என்று நாக்கே சொல்லும்.

சீனி என்றதும் இன்னொன்று. வடிக்காமல், மண்டியை அடியில் தங்கவிட்டுக் குடிக்கிற கோப்பியில் கஃபெஸ்டோல் என்ற எண்ணெய்ப் பொருள் இருக்கிறது. அது கெட்ட கொலஸ்ட்ரோலை ஏற்றும். ரொபஸ்டாவில் அரபிக்காவைவிடக் குறைவு, ஆனாலும் இருக்கிறது. கடதாசி அதில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கொலஸ்ட்ரோல் குளிசை போடுகிற மாமாமார் நாளைக்கு மூன்று தடவை மண்டிக் கோப்பி குடிக்கிற வீடுகளில், அலுமாரியில் கிடக்கிற கூம்பை வெளியே எடுக்க இது ஒன்றே போதிய காரணம். குளிசையை நிறுத்தச் சொல்லவில்லை, அதை வைத்தியரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒன்று. கண்டியில் டிரிப்பர் கோப்பிக்கு நீங்கள் எடுக்கிற விலையில் எனக்குத் தகராறு இல்லை. மூன்று நிமிடம் ஒரு ஆள் நின்று செய்கிற வேலை அது. ஆனால் அந்த மூன்று நிமிடத்தை மேசைக்கு முன்னால் செய்யுங்கள். கழுவின தண்ணீரைக் கொட்டுவதை நாங்கள் பார்க்க வேண்டும். தூள் எழுகிறதா என்று பார்க்க வேண்டும். தராசு எங்கள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். பெட்டியில் நாட்டின் பெயரோடு வறுத்த திகதியையும் எழுதுங்கள். கலகெதரக் கொட்டை என்று ஒரு பெட்டி வைத்தால் முதல் வாடிக்கையாளன் நான்.

வீட்டுத் தோட்டத்தில் கோப்பி மரம் உள்ளவர்கள், அடுத்த பருவத்தில் சிவந்த பழம் மட்டும் ஐந்து கிலோ தனியாகப் பறித்து வைத்தால் சொல்லுங்கள். ஐந்து கிலோ பழம் காய்ந்து உரித்தால் ஒரு கிலோ அளவுக்குத்தான் கொட்டை வரும், அதனால் பழத்தின் எடைக்கே சல்லி தருகிறேன். வறுக்கிறது என் பொறுப்பு. கரியாக்க மாட்டேன்.